மத்ஹபை எழுதியவர் யார்? முஸனீ முதல் நவவீ வரை

நான்கு இமாம்கள் நான்கு மத்ஹப்களை உருவாக்கினார்கள் என்ற வசனத்தை நாம் எல்லோரும் சிறு வயதில் மனனம் செய்திருக்கிறோம். கைநூல்களில் அது இருக்கிறது. மேடைகளில் அது ஒலிக்கிறது. மத்ஹப் வேண்டும் என்பவரும் அதையே சொல்கிறார், வேண்டாம் என்பவரும் அதையே சொல்கிறார். ஒருவர் "இமாம் உண்டாக்கியதை விடாதே" என்கிறார். மற்றவர் "இமாம் உண்டாக்கியது நமக்கு எதற்கு" என்கிறார். இரண்டு பக்கமும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட அந்த வசனத்தைத்தான் இந்தக் கட்டுரையில் விமர்சிக்கப் போகிறேன். நான் மௌலவி அல்ல, தமிழ் படித்து தமிழ் படிப்பிப்பவன். ஒரு நூல் எப்படி உருவாகி, யார் கையில் நிலைத்தது என்று பார்ப்பது என் தொழிலோடு சேர்ந்த பழக்கம். அந்தப் பழக்கத்தோடுதான் இதற்குள் வருகிறேன். நான்கையும் அள்ளிக் கொட்டாமல், நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு இமாமின் அறிவு மட்டுமே மத்ஹபை உண்டாக்கும் என்றால், இன்று நம்மிடம் லைஸ் மத்ஹப் இருந்திருக்க வேண்டும். எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் வாழ்ந்து ஹிஜ்ரி 175 (கி.பி. 791) இல் மறைந்த லைஸ் இப்னு ஸஅத் (ரஹ்) சாதாரண ஆள் இல்லை. மதீனாவின் நடைமுறை மற்ற ஊர்களையும் கட்டுப்படுத்துமா என்பதில் இமாம் மாலிக்கோடு (ரஹ்) கடிதம் எழுதி வாதம் செய்தவர். அந்தக் கடிதம் இன்றும் கிடைக்கிறது. மரியாதையும் குறையவில்லை, கருத்தும் வளையவில்லை. இமாம் ஷாபிஈ (ரஹ்) எகிப்துக்கு வந்தபோது லைஸ் மறைந்து இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவரைப் பற்றி ஷாபிஈ சொன்னதாக அறிவிக்கப்படும் கருத்து இதுதான்: பிக்ஹில் லைஸ் மாலிக்கை விட மேலானவர், ஆனால் அவருடைய தோழர்கள் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை.

இதை ஒரு பாராட்டாக மட்டும் வாசித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். எனக்கு அது ஒரு நோயறிதல் மாதிரிப் படுகிறது. அறிவில் குறை இல்லை. குறை, அந்த அறிவைப் பாடமாக ஆக்கி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க ஆள் இல்லாததில். ஷாம் நாட்டில் பெரும் செல்வாக்கோடு இருந்து ஸ்பெயின் வரை போன இமாம் அவ்ஸாயீயின் (ரஹ்) வழி, தப்ஸீரால் புகழ் பெற்ற தபரீயின் (ரஹ்) பெயரில் கொஞ்சக் காலம் இருந்த மத்ஹப், எல்லாம் இப்படித்தான் மெல்ல மெல்ல மறைந்தன.

சரி, ஷாபிஈக்கு என்ன நடந்தது? ஹிஜ்ரி 150 இல் பிறந்த அவர் மதீனாவில் மாலிக்கிடம் படித்தார். பக்தாதில் அபூ ஹனீபாவின் மாணவர் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீயின் நூல்களைக் கற்று அவரோடு வாதம் செய்தார். பக்தாதில் அவர் சொன்ன கருத்துகள் பின்னாளில் 'கதீம்', பழைய சொல், எனப்பட்டன. வாழ்வின் கடைசி ஐந்தாறு வருடங்களை எகிப்தில் கழித்தார். அங்கே பல விஷயங்களை மறுபரிசீலனை செய்து சொன்னவை 'ஜதீத்', புதிய சொல். ஹிஜ்ரி 204 (கி.பி. 820) இல் ஃபுஸ்தாதில் வபாத்தானார். வயது ஐம்பத்து நான்கு. அவர் விட்டுச் சென்றது நிறைய எழுத்தும் நிறைய விவாதமும், திரும்பிய கருத்தும் திரும்பாத கருத்தும் கலந்த ஒரு பெரிய குவியல். அந்தக் குவியலை இன்னும் மத்ஹப் என்று சொல்ல முடியாது.

அவருக்குப் பின் அவருடைய மஜ்லிஸில் உட்கார்ந்தவர் புவைதீ. குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளும்படி அரசு அறிஞர்களை நெருக்கிய காலம் அது. புவைதீ ஒப்பவில்லை. விலங்கிட்டு பக்தாதுக்குக் கொண்டு போனார்கள். ஹிஜ்ரி 231 இல் சிறையிலேயே இறந்தார். வெள்ளிக்கிழமை பாங்கு சத்தம் கேட்டால் குளித்து உடுத்து சிறை வாசல் வரை போவாராம். காவலாளி திருப்பி அனுப்புவான். "யா அல்லாஹ், உன் அழைப்பாளனுக்கு நான் பதில் சொன்னேன், இவர்கள்தான் தடுத்தார்கள்" என்ற கருத்தில் சொல்லிவிட்டுத் திரும்புவாராம். அவரும் ஷாபிஈயின் கருத்துகளை ஒரு சுருக்கமாக எழுதியிருந்தார். ஆனால் காலம் கையில் எடுத்தது இன்னொருவரின் சுருக்கத்தை.

அவர்தான் இஸ்மாயீல் இப்னு யஹ்யா அல் முஸனீ. ஹிஜ்ரி 264 (கி.பி. 878) வரை வாழ்ந்தார். ஆசிரியர் மறைந்து அறுபது வருடம். இந்த அறுபது வருடம் முக்கியம். ஆசிரியரை நேரில் பார்த்த ஒரு மாணவர் அவ்வளவு காலம் பாடம் நடத்தினார் என்றால், எத்தனை ஊரிலிருந்து எத்தனை பேர் வந்து கேட்டுப் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதே காலத்தில் ரபீஃ அல் முராதீ என்ற இன்னொரு மாணவர் ஷாபிஈயின் பெரிய நூல்களை அப்படியே அறிவித்துக்கொண்டிருந்தார். 'உம்மு' நமக்குக் கிடைத்தது அவரால். ரபீஃ காப்பாற்றினார், முஸனீ சுருக்கினார். இரண்டும் வேறு வேறு வேலை.

முஸனீ சுருக்கிய நூலின் பெயர் 'முக்தஸர்', பெயரே சுருக்கம் என்பதுதான். ஒவ்வொரு மஸ்அலாவையும் எழுதி முடித்ததும் இரண்டு ரக்அத் தொழுவார் என்று சொல்லப்படுகிறது. ஆனால் நூலின் தொடக்கம்தான் என்னை அசர வைத்தது. இது ஷாபிஈயின் அறிவிலிருந்தும் அவருடைய சொல்லின் பொருளிலிருந்தும் சுருக்கப்பட்டது என்று முதலில் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே, தன்னையோ இன்னொருவரையோ கண்ணை மூடிப் பின்பற்றுவதை ஷாபிஈ தடுத்தார் என்பதையும் சேர்த்து அறிவிப்பதாகச் சொல்கிறார். வாசிப்பவன் தன் மார்க்கத்துக்காகத் தானே அதில் பார்க்க வேண்டுமாம்.

ஷாபிஈ மத்ஹபை நிறுத்தி வைத்த நூலின் முதல் வரிகளில், ஷாபிஈயைக் கண்மூடிப் பின்பற்றாதே என்று எழுதியிருக்கிறது. மத்ஹப் எதிர்ப்பாளர்கள் இந்த இடத்தை மேடையில் தூக்கிக் காட்டுவார்கள். அடுத்த பக்கங்களை அவர்கள் புரட்டுவதில்லை. புரட்டினால், பொறுமையாக, பாடம் பாடமாக, சுத்தம், தொழுகை, ஸகாத், வியாபாரம், நிகாஹ் என்று ஒரு முழுச் சட்டமும் வரிசையாக இருக்கும். சில இடங்களில் ஷாபிஈயின் கருத்தைச் சொல்லிவிட்டு, முஸனீ தன் பெயரைச் சொல்லி, தான் வேறு விதமாகக் கருதுவதாகவும் எழுதுகிறார். சொல்லாமல் திருத்துவது இல்லை. ஆசிரியர் பெயரில் தன் கருத்தை ஏற்றுவதும் இல்லை. எது யாருடையது என்று வாசகனுக்குத் தெரிகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். நம் இலக்கணக்காரர்கள் நூலை முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று பிரித்தார்கள். முன்னோர் நூலின் முடிவை ஒத்துப் போய், வேண்டிய இடத்தில் பின்னவன் தன் வேறுபாட்டையும் சொல்வது வழி நூல். வழி நூல் செய்யும் முறைகளில் தொல்காப்பியம் முதலில் வைப்பது தொகுத்தல், அதாவது விரிந்ததைச் சுருக்கித் தருவது. முக்தஸர் எழுத்துக்கு எழுத்து இதுதான். முதல் நூல்காரரை எல்லோருக்கும் தெரியும், வழி நூல்காரரை யாருக்கும் தெரியாது. இந்த அநியாயம் தமிழிலும் நடக்கிறது, பிக்ஹிலும் நடந்திருக்கிறது.

சுருக்கம் எழுதினால் போதாது, அது ஊர் கடந்து போக வேண்டும். முஸனீயிடமும் ரபீஇடமும் படித்த அன்மாதீ அதை பக்தாதுக்குக் கொண்டு போனார். அவரிடம் படித்தவர் அபுல் அப்பாஸ் இப்னு ஸுரைஜ், வபாத் ஹிஜ்ரி 306 (கி.பி. 918). ஷீராஸில் காழியாக இருந்தவர். இவரிடம்தான் அந்தச் சுருக்கம் பாடத்திட்டமாக மாறுகிறது. மாணவன் முக்தஸரைப் படிக்கிறான், ஆசிரியர் ஒவ்வொரு மஸ்அலாவையும் ஆதாரத்தோடு விரிக்கிறார், எதிர்க் கருத்தை வைத்து வாதிக்கப் பழக்குகிறார், மாணவன் தன் குறிப்போடு ஊர் திரும்பி அதையே அங்கே நடத்துகிறான். ஈராக், பாரசீகம், குராஸான் என்று அவருடைய மாணவர்கள் பரந்தார்கள். ஒரு பாட நூல், ஒரு விவாத முறை, ஒரு மாணவர் சங்கிலி. மூன்றும் சேர்ந்த பிறகுதான் 'நான் ஷாபிஈ' என்று ஒருவர் சொல்வதற்குத் திட்டமான அர்த்தம் வருகிறது. அதாவது இமாம் மறைந்து ஏறக்குறைய நூறு வருடம் கழித்து.

அந்த நூல் எவ்வளவு தூரம் வீட்டுக்குள் போனது என்பதற்கு இரண்டு செய்திகள் சொல்வார்கள். டமஸ்கஸில் காழியாக இருந்த அபூ ஸுர்ஆ, முக்தஸரை மனனம் செய்பவருக்கு நூறு தீனார் கொடுத்தாராம். அவ்ஸாயீயின் வழி நடந்த ஊர் அது. நூறு தீனார் என்றால் நூறு தங்க நாணயம், சின்னப் பரிசு இல்லை. இன்னொன்று, மணப்பெண்ணின் சீரில் முஸனீயின் முக்தஸர் பிரதி ஒன்றும் வைக்கப்படுமாம். சீதனப் பட்டியல் எழுதும் நம் ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இங்கே ஒரு வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். "அரசு ஆதரவால்தான் மத்ஹப்கள் நிலைத்தன, இல்லாவிட்டால் இல்லை" என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். முழுக்கப் பிழை என்று சொல்ல மாட்டேன். அபூ ஹனீபாவின் மாணவர் அபூ யூஸுப் ஹாரூன் அர்ரஷீதின் தலைமை நீதிபதியாக இருந்தது ஹனபி மத்ஹபுக்குக் கை கொடுத்தது. அபூ ஸுர்ஆவின் நூறு தீனாருக்குப் பின்னாலும் ஒரு காழிப் பதவி இருக்கிறது. ஆனால் ஷாபிஈ மத்ஹபுக்குப் பெரிய அரச ஆதரவு என்று எல்லோரும் காட்டும் பக்தாத் நிழாமிய்யா மத்ரஸா திறந்தது ஹிஜ்ரி 459 (கி.பி. 1067) இல். இப்னு ஸுரைஜ் மறைந்து நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு. நிழாமுல் முல்க் கட்டடம் கட்டியபோது உள்ளே நடத்தப் பாடம் தயாராக இருந்தது. பாடம் இல்லாத இடத்தில் கட்டடம் என்ன செய்யும்?

மற்ற மூன்றிலும் இதே கதைதான், ஆட்கள்தான் வேறு. அபூ ஹனீபாவின் கருத்துகளை நூலாக்கியவர் ஷைபானீ. மாலிக்கின் வழியைக் கைரவானில் இருந்து 'முதவ்வனா'வாகத் தந்தவர் ஸஹ்னூன், வபாத் ஹிஜ்ரி 240. தன் கருத்துகளை எழுதி வைப்பதையே விரும்பாத அஹ்மத் இப்னு ஹன்பலின் (ரஹ்) பதில்களை ஊர் ஊராகப் போய்த் திரட்டியவர் கல்லால், வபாத் ஹிஜ்ரி 311. அதற்குப் பிறகு கிரகீயின் சுருக்கம். எழுதாதே என்ற இமாமுக்கும் எழுதும் மாணவர் கிடைத்ததால்தான் இன்று ஹன்பலி மத்ஹப்.

இனி, இப்படி உருவான ஒரு மத்ஹப் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு மஸ்அலாவை வைத்துப் பார்ப்போம். மஃரிப் தொழுகையின் நேரம் எப்போது முடிகிறது?

பள்ளிவாசலில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைப் பாருங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இஷா வரும் வரை மஃரிப் 'அதா'தான் என்று நாம் எந்தச் சந்தேகமும் இல்லாமல் தொழுகிறோம். வேலை முடிந்து பஸ்ஸில் வந்து தாமதமாகத் தொழுதவரிடம் யாரும் "கழாவாகிட்டு" என்று சொல்வதில்லை. ஆனால் இமாம் ஷாபிஈயின் புதிய சொல்படி பார்த்தால் நிலைமை வேறு. சூரியன் மறைந்ததிலிருந்து, வுழூ செய்து, அவ்ரத்தை மறைத்து, பாங்கும் இகாமத்தும் சொல்லி, ஐந்து ரக்அத் தொழும் அளவு நேரம்தான் மஃரிபின் நேரம். மூன்று பர்ளு, இரண்டு ஸுன்னத்து. என் கணக்கில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பழைய சொல்படிதான், செம்மேகம் மறையும் வரை நேரம் உண்டு.

புதிய சொல் கைக்கு வந்த மாதிரிச் சொன்னது அல்ல. ஜிப்ரீல் (அலை) நபி (ஸல்) அவர்களுக்கு இரண்டு நாள் இமாமத் செய்து தொழுகை நேரங்களைக் காட்டிய ஹதீஸ் அதற்கு ஆதாரம். மற்றத் தொழுகைகளை முதல் நாள் ஆரம்ப நேரத்திலும் இரண்டாம் நாள் பிந்திய நேரத்திலும் நடத்திய ஜிப்ரீல், மஃரிபை மட்டும் இரண்டு நாளும் ஒரே நேரத்தில் நடத்தினார். அப்படியானால் மஃரிபுக்கு ஒரே நேரம்தான் என்பது நேரான முடிவு. எதிர்ப்பக்கம், ஸஹீஹ் முஸ்லிமில் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், செம்மேகம் மறையாத வரை மஃரிப் நேரம் இருக்கிறது என்கிறது.

இமாம் மறைந்து நானூறு வருடம் போகிறது. கஸ்வீனைச் சேர்ந்த ராஃபிஈ (வபாத் ஹிஜ்ரி 623) அதுவரை குவிந்த கருத்துகளைச் சலித்து 'முஹர்ரர்' என்ற நூலைத் தருகிறார். அவருக்குப் பின் டமஸ்கஸில் வாழ்ந்த நவவீ, ஹவ்ரான் பகுதியின் நவா என்ற ஊரில் பிறந்து நாற்பத்தைந்து வயதில் ஹிஜ்ரி 676 (கி.பி. 1277) இல் மறைந்தவர், அந்த முஹர்ரரைச் சுருக்கி 'மின்ஹாஜ்' எழுதுகிறார். மறுபடியும் ஒரு தொகுத்தல். மஃரிப் நேரத்துக்கு வரும்போது பழைய சொல்லை வைக்கிறார், புதிய சொல்லை வைக்கிறார். பொது விதிப்படி புதியதுதான் மத்ஹபின் முடிவாக வேண்டும். அங்கே 'குல்து', நான் சொல்கிறேன், என்று தொடங்கி, பழைய சொல்தான் 'அழ்ஹர்' என்று எழுதி, 'வல்லாஹு அஃலம்' என்று முடிக்கிறார்.

அந்தத் தொடக்கமும் முடிவும் சும்மா வந்த பணிவு வார்த்தை இல்லை. மேற்கோள் குறி இல்லாத கையெழுத்துப் பிரதிகளின் காலம். தான் சேர்க்கும் பகுதி 'குல்து'வில் தொடங்கி 'வல்லாஹு அஃலம்'இல் முடியும் என்று நவவீ முன்னுரையிலேயே சொல்லி வைக்கிறார். அந்த இரண்டுக்கும் வெளியே இருப்பது ராஃபிஈயின் வழி, உள்ளே இருப்பது தன்னுடையது. முஸனீ தன் பெயர் சொல்லி எழுதியதற்கு இது சொந்தம்.

எந்த அதிகாரத்தில் நவவீ இமாமின் கடைசிக் கருத்தை விட்டார்? தன் விரிவான நூல்களில் காரணங்களை வைக்கிறார். ஜிப்ரீலின் ஹதீஸ் சிறந்த நேரத்தைக் காட்டுவதோடு நின்றது. அது மக்காவில் ஆரம்ப காலத்தில் நடந்தது, நேரம் நீடிப்பதாகச் சொல்லும் ஹதீஸ்கள் மதீனாவில் பிந்தியவை. அவற்றின் அறிவிப்பாளர் தொடரும் அதிக பலமானது. இதோடு முடிந்திருந்தால், 'இமாமை விட ஹதீஸ் பெரிது என்று ஒருவர் துணிந்தார்' என்று சொல்லிவிடலாம். ஆனால் ஷாபிஈ அறிஞர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். எகிப்தில் எழுதிய 'இம்லா' என்ற நூலில் ஷாபிஈயே, அந்த ஹதீஸ் உறுதியானால் தன் கருத்து அதுதான் என்ற பொருளில் நிபந்தனை வைத்திருந்தார். ஹதீஸ் உறுதியானது. ஆகவே பழைய சொல் என்று பெயர் பெற்றது ஒரு வகையில் புதிய சொல்லும்தான் என்கிறார்கள்.

இந்த ஒரு மஸ்அலாவை உயர்தர மாணவர்களுக்குச் சொன்னபோது ஒருவன் கேட்டான், "அப்ப சேர், நாங்க மஃரிபுல ஷாபிஈ மத்ஹபா, இல்லையா?" நல்ல கேள்வி. இமாமின் கடைசிச் சொல்தான் மத்ஹப் என்றால், நாம் இல்லை. இமாமின் சொற்கள், அவர் வைத்த நிபந்தனைகள், பிறகு வந்தவர்கள் பெயர் போட்டுச் செய்த திருத்தங்கள், எல்லாம் சேர்ந்ததுதான் மத்ஹப் என்றால், நாம்தான் மஃரிபில் நூற்றுக்கு நூறு ஷாபிஈ. பழைய சொல்லின்படி முடிவு செய்யப்படும் இப்படியான மஸ்அலாக்கள் சுமார் இருபதைக் கணக்கிடுவார்கள்.

'ஹதீஸ் ஸஹீஹானால் அதுவே என் மத்ஹப்' என்ற கருத்தை வைத்து நம் ஊர்களில் நடந்த சண்டை கொஞ்சமா? ஒரே தெருவில் இரண்டு பள்ளி, ஒரே வீட்டில் இரண்டு பெருநாள். அந்தச் சொல் மத்ஹபுக்கு வெளியே நின்று எறியும் கல் என்று ஒரு சாரார் நினைக்கிறார்கள். மறு சாரார் அதைக் காதில் விழாத மாதிரிக் கடந்து போகிறார்கள். மஃரிப் நேரத்தில் அது மத்ஹபுக்கு உள்ளேயே வேலை செய்திருக்கிறது. ஆனால் வேலை செய்த விதத்தையும் பார்க்க வேண்டும். எதிர் ஹதீஸ் என்ன, எது முந்தியது, எது பலமானது, இமாம் அதைக் கண்டிருந்தாரா, கண்டு என்ன சொன்னார் என்று இத்தனையையும் கடந்துதான் நவவீ 'குல்து' என்கிறார். தொலைபேசியில் ஒரு ஹதீஸை வாசித்துவிட்டு அதே வார்த்தையைச் சொல்பவருக்கும் அவருக்கும் உள்ள தூரம் அதுதான்.

நம் நாட்டில் இது தொழுகையோடு நிற்பதும் இல்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும், 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும், சம்பந்தப்பட்டவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவரோ அந்தப் பிரிவின் முஸ்லிம் சட்டத்தையே பார்க்கச் சொல்கின்றன. அந்தப் பிரிவின் சட்டம் எந்த நூலில், எந்த வரியில், எந்தக் குறியோடு இருக்கிறது என்பது காழி நீதிமன்றத்தில் ஒரு பெண்ணின் வழக்கைத் தொடும் விஷயம்.

குறி என்று சொன்னேன். மின்ஹாஜின் உயிர் அதில்தான் இருக்கிறது, நம் தமிழ்க் கைநூல்கள் தவறவிடுவதும் அதைத்தான். நவவீ ஒரு முடிவைச் சொல்லும்போது அதன் மேல் ஒரு சொல்லைப் பதிக்கிறார். இமாம் ஷாபிஈயே இரண்டு கருத்துச் சொல்லியிருந்து, விடப்பட்ட கருத்தும் பலமானது என்றால் 'அழ்ஹர்' என்கிறார். விடப்பட்டது பலமில்லாதது என்றால் 'மஷ்ஹூர்' என்கிறார். கருத்து வேறுபாடு இமாமுடையது அல்ல, அவர் வழி வந்த அறிஞர்களுடையது என்றால் சொல் மாறுகிறது. எதிர்ப்பக்கம் பலமாக இருந்தால் 'அஸஹ்', பலமில்லை என்றால் 'ஸஹீஹ்'. ஒரே சொல்லில் இரண்டு செய்தி. இது யாருடைய வேறுபாடு, தோற்ற பக்கம் எவ்வளவு கிட்ட வந்து தோற்றது.

இதைத் தமிழில் கொண்டு வரும்போது என்ன நடக்கிறது? நான் பார்த்த கைநூல்களில் பெரும்பாலானவை குறியை விட்டுவிட்டு முடிவை மட்டும் தருகின்றன. 'மஃரிப் நேரம் செம்மேகம் மறையும் வரை', முற்றுப்புள்ளி. இரண்டு சொல் இருந்ததே தெரியாது. சில, குறியை மொழிபெயர்க்க முயன்று 'அஸஹ்' என்பதை 'மிகச் சரியானது' என்று எழுதுகின்றன. இது இன்னும் மோசம். அரபியில் 'அஸஹ்' ஒப்பீட்டு வடிவம். இது அதை விடச் சரி என்றால், அதுவும் சரிதான் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வெறும் 'ஸஹீஹ்' என்றால்தான் எதிர்ப்பக்கம் பிழை. ஆக அரபியில் 'அஸஹ்' என்பது 'ஸஹீஹ்' என்பதை விட எதிராளிக்கு அதிக இடம் கொடுக்கும் சொல். தமிழில் 'மிகச் சரியானது' என்பது 'சரியானது' என்பதை விட எதிராளிக்குக் குறைந்த இடம் கொடுக்கும் சொல். அர்த்தம் தலைகீழாகிவிட்டது.

தமிழில் ஒப்பீட்டுக்குச் சொல் வடிவம் இல்லை. பண்டைத் தமிழ் 'இன்' உருபை வைத்தது, நாம் 'விட' வைக்கிறோம். இரண்டுக்கும் எதை விட என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எதிர்க் கருத்தை எழுதாமல் தமிழில் ஒப்பிட முடியாது. இதைக் குறையாக எடுக்கத் தேவையில்லை. 'அஸஹ்' வரும் இடத்தில் 'அறிஞர்களின் இரண்டு கருத்தில், அதை விட இது சரி' என்றும், 'அழ்ஹர்' வரும் இடத்தில் 'இமாமின் இரண்டு சொல்லில், அதை விட இது தெளிவு' என்றும் எழுதி, அந்த 'அதை'யையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால், நவவீ சுருக்கி வைத்தது தமிழில் கொஞ்சம் விரியும், ஆனால் கெடாது. மத்ரஸாக்களில் ஃபத்ஹுல் முஈன் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத்மார் வாய்ப் பாடத்தில் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மலபாரில் ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய அந்த நூலை வரி வரியாகப் பிரித்து, இன்னது முடிவு, இன்னது எதிர்க் கருத்து என்று அரபும் தமிழும் கலந்து அவர்கள் சொல்வதைப் பக்கத்தில் இருந்து எழுதினாலே ஒரு நல்ல தமிழ் உரை கிடைக்கும்.